வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பரிசுப் பணத்திற்கு வங்கிச் சான்று பெறும் முறை



வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி வட்டாரங்களில் தம்பியோ, மகனோ, மைத்துனரோ துபாயிலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கும் வணிகக் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் மாதந்தோறும் வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணத்தால் யாருக்கும் தொல்லை வருவதில்லை. ஆனால் கடைக்குச் சரக்கு நிரப்பவும், கட்டடத்திற்கு முன்பணம் கொடுக்கவும் ஒரே தடவையில் ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று பரிசாக வரும் பணம் அப்படிப்பட்டதல்ல. அது கணக்குப் புத்தகத்தில் முதலாக ஏறும். இரண்டு மூன்று ஆண்டு கழித்து வருமான வரி அலுவலகத்திலிருந்து, “இந்த முதல் எங்கிருந்து வந்தது?” என்று கடிதம் வரும். அன்றைக்கு அலைவதைவிட, பணம் வந்த வாரத்திலேயே வங்கியில் சான்று வாங்கி வைப்பது எளிது. அதை எந்த வங்கியில் கேட்பது, என்ன எழுதிக் கேட்பது, அந்தச் சான்று எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்பதை இக்கட்டுரையில் விளக்குகிறேன்.

பழைய நம்பிக்கை இன்று செல்லாது

“வெளிநாட்டிலிருந்து வங்கி மூலம் வந்த பணத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது” என்று நம் கடைத்தெருக்களில் இன்றும் சிலர் சொல்வதுண்டு. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1991ஆம் ஆண்டு நாட்டில் அன்னியச் செலாவணி வறண்டு போயிருந்தபோது மத்திய அரசு ஒரு தனிச் சட்டம் கொண்டுவந்தது. குறிப்பிட்ட கெடுவுக்குள் வெளிநாட்டு நாணயத்தில் வரும் பரிசுக்கு மூலம் கேட்பதில்லை என்று அச்சட்டம் பாதுகாப்பளித்தது. அந்தக் கெடு அப்போதே முடிந்துவிட்டது. நம்பிக்கை மட்டும் நிலைத்துவிட்டது.

அதன்பின் கொடுப்பவர் கட்டவேண்டியிருந்த பரிசு வரி 1998 அக்டோபர் 1 முதல் நீக்கப்பட்டது. 2004 செப்டம்பர் 1 முதல், உறவினர் அல்லாதவரிடமிருந்து வரம்புக்கு மேல் பெறும் பரிசுப் பணம் வாங்குபவரின் வருமானமாகக் கருதப்படும் முறை வந்தது. இப்போதைய வரம்பு ஓராண்டில் ரூ.50,000. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி. உறவினரிடமிருந்து பெற்றால் எவ்வளவானாலும் வரி இல்லை.

வங்கி வழியாக வந்தால் மட்டும் போதுமா என்ற கேள்விக்கு, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2007 மே மாதம் விடை கூறியது. மோகனகலா வழக்கு என்று ஆடிட்டர்கள் அதைக் குறிப்பிடுவார்கள். வெளிநாட்டில் இருந்த ஒரே கொடையாளியிடமிருந்து பலருக்குப் பரிசுப் பணம் வந்திருந்தது. வெளிநாட்டு வங்கிகளின் பத்திரங்கள் மூலமாகவே வந்து, இங்குள்ள கணக்குகளில் வரவாகியும் இருந்தது. வருமான வரி அதிகாரி அவை உண்மையான பரிசுகள் அல்ல என்று கருதி, பெற்றவர்களின் வருமானமாகவே சேர்த்தார். சென்னை உயர் நீதிமன்றம் பெற்றவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றமோ அதை மாற்றி, பணம் வங்கி நடைமுறையில் வந்தது என்ற ஒன்று மட்டுமே அதை உண்மையான பரிசாக்கிவிடாது என்று கூறி, அதிகாரியின் முடிவை நிலைநிறுத்தியது.

ஆகவே மூன்று கேள்விகளுக்கு விடை தயாராக இருக்க வேண்டும். கொடுத்தவர் யார்? அவ்வளவு கொடுக்க அவருக்கு வசதி உண்டா? கொடுத்தது உண்மைதானா? வங்கிச் சான்று மூன்றாவது கேள்விக்குப் பாதி விடை. மற்றவற்றுக்குக் கொடுத்தவரின் தாள்கள் வேண்டும்.

யார் உறவினர்?

நாம் சொந்தம் என்று சொல்வதற்கும் சட்டம் உறவினர் என்று சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. கணவன் அல்லது மனைவி, உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தோர், தாய் தந்தையரின் உடன்பிறந்தோர், இரு தரப்பிலும் நேர் மேல்வழியான பெற்றோர், தாத்தா, பாட்டி, நேர் கீழ்வழியான பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், இவர்கள் அனைவரின் கணவன் அல்லது மனைவி ஆகியோரே பட்டியலில் உள்ளவர்கள். ஆகவே மைத்துனர், சகலை, மருமகன், தாய்மாமன், சித்தப்பா ஆகியோர் தரும் பரிசுக்கு வரி இல்லை.

கவனிக்க வேண்டியது, இந்தப் பட்டியல் வாங்குபவரின் பக்கமிருந்து பார்க்கப்படுகிறது. தாய்மாமன் தன் சகோதரியின் மகனுக்குக் கொடுத்தால் வரி இல்லை. அதே மகன் துபாயில் சம்பாதித்து, கடை வைத்திருக்கும் தாய்மாமனுக்குக் கொடுத்தால், மாமனின் பட்டியலில் சகோதரி மகன் இல்லை. ரூ.50,000ஐத் தாண்டினால் மாமன் வரி கட்ட வேண்டும். அண்ணன் மகன் சித்தப்பாவுக்குக் கொடுத்தாலும் அப்படியே. பெரியப்பா மகன், சித்தி மகன் முதலியோரும் பட்டியலில் இல்லை.

2026 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் கணக்காண்டுகளுக்கு 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் பொருந்தும். பழைய 56ஆம் பிரிவு, 68ஆம் பிரிவு என்ற எண்கள் அதில் மாறியுள்ளன. உறவினருக்கான விலக்கு தொடர்கிறது.

மற்றொன்று, கூட்டு வியாபார நிறுவனத்திற்கு உறவினர் என்று யாரும் கிடையாது. அண்ணன் தம்பி இருவர் பங்குதாரர்களாக இருக்கும் மண்டியின் நடப்புக் கணக்கிற்கு மூன்றாவது தம்பி பரிசு அனுப்பினால், அது நிறுவனம் பெற்ற பரிசாகிவிடும், விலக்கு கிடைக்காது. ஒருவரே நடத்தும் கடையானாலும் பணம் முதலில் உரிமையாளரின் சொந்தச் சேமிப்புக் கணக்கிற்கு வரட்டும். பிறகு அங்கிருந்து காசோலை மூலம் கடைக் கணக்கிற்கு மாற்றிக்கொள்ளலாம். விற்பனை வரவுகளோடு பரிசு கலந்தால், ஜி.எஸ்.டி. அதிகாரிக்கும் சேர்த்து விளக்கம் சொல்ல நேரிடும்.

சான்று தரவேண்டிய வங்கி எது?

நம்மவர்கள் பெரும்பாலும் அலைவது இந்த இடத்தில்தான். தன் கிளையில் போய்ச் சான்று கேட்பார்கள். “எங்களுக்கு ரூபாயாகத்தான் வந்தது, நாங்கள் தர முடியாது” என்று பதில் வரும். அந்தப் பதில் சில சமயம் சரியானதே. வெளிநாட்டு நாணயத்தை வாங்கி ரூபாயாக மாற்றிய வங்கிதான் சான்று தர முடியும். அது எந்த வங்கி என்பது பணம் வந்த வழியைப் பொறுத்தது.

முதல் வழி, வெளிநாட்டு வங்கியிலிருந்து ஸ்விஃப்ட் முறையில் நேராக நம் கணக்கிற்கு அனுப்புவது. நம் வங்கியே நாணயத்தை மாற்றுகிறது. நம் வங்கியின் அன்னியச் செலாவணிப் பிரிவே சான்று தரும். பெரிய தொகைக்கு இதுவே தெளிவான வழி.

இரண்டாவது, வளைகுடாவில் எக்ஸ்சேஞ்ச் கடைகளில் திர்ஹாமோ ரியாலோ கட்டி அனுப்புவது. அந்த எக்ஸ்சேஞ்ச் நிறுவனம் இந்தியாவில் ஏதேனும் ஒரு வங்கியோடு ஏற்பாடு வைத்திருக்கும். நாணயம் அந்த வங்கியில் மாறி, அங்கிருந்து நெஃப்ட் அல்லது ஐ.எம்.பி.எஸ். மூலம் சாதாரண உள்நாட்டுப் பணம் போல நம் கணக்கிற்கு வரும். பாஸ்புக்கில் உள்ள வரவுக் குறிப்பைப் பார்த்து, எந்த வங்கியிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அனுப்பியவரிடமுள்ள எக்ஸ்சேஞ்ச் ரசீதின் எண்ணைக் குறிப்பிட்டு, அந்த இடைப்பட்ட வங்கிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்றாவது, வெஸ்டர்ன் யூனியன் போன்ற பணமாற்றுச் சேவை. இதில் ஒரு தடவைக்கு 2,500 டாலர் வரை, ஒருவர் ஓராண்டில் 30 தடவை வரை பெறலாம். குடும்பச் செலவு போன்ற தனிப்பட்ட தேவைக்கென்றே ஏற்பட்ட வழி. பெரிய பரிசைத் துண்டு துண்டாக இதில் வரவழைப்பது பின்னால் விளக்கத்தைச் சிக்கலாக்கும்.

நான்காவது, அனுப்புபவர் இந்தியாவிலுள்ள தம் என்.ஆர்.இ. கணக்கிலிருந்து காசோலை கொடுப்பது. இது ரூபாயிலிருந்து ரூபாய்க்கு மாறுவது. வெளிநாட்டுச் சான்று கிடைக்காது, தேவையும் இல்லை. அவருடைய என்.ஆர்.இ. கணக்கு விவரத்தாளே சான்று.

உண்டியல் மூலம் வரும் பணத்திற்கு எந்தச் சான்றும் எக்காலத்திலும் கிடைக்காது. அது அன்னியச் செலாவணிச் சட்டப்படி குற்றம். தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

நோக்கம் என்றால் என்ன?

வெளிநாட்டுப் பணம் வந்தவுடன் வங்கி நம்மிடம் நோக்கம் கேட்கும். ரிசர்வ் வங்கி ஒவ்வொரு நோக்கத்திற்கும் ஒரு குறியீடு வைத்துள்ளது. வெளிநாடு வாழ் இந்தியர் குடும்பச் செலவுக்கும் சேமிப்புக்கும் அனுப்புவது P1301. தனிப்பட்ட பரிசு, நன்கொடை P1302. நம் பகுதி வங்கிக் கிளைகளில் தோல், காலணி ஏற்றுமதிக்காரர்களின் கணக்குகள் நிறைய இருப்பதால், ஊழியர்களின் கை பழகியது ஏற்றுமதி முன்பணத்துக்கான P0103. நடப்புக் கணக்கில் வந்த பரிசுக்குத் தவறி அந்தக் குறியீடு விழுந்தால், சரக்கு அனுப்பிய ஆவணம் எங்கே என்று பிறகு கேட்பார்கள். சேமிப்புக் கணக்கில் வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நோக்கம் என்ற சொல்லைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பணத்தை நாம் எதற்குச் செலவழிக்கப் போகிறோம் என்று வங்கி கேட்கவில்லை. அனுப்பியவர் எந்த வகையில் அனுப்பினார் என்றே கேட்கிறது. “கடை விரிவாக்கத்திற்கு” என்று எழுதினால், வெளிநாட்டிலிருப்பவர் கடையில் முதலீடு செய்கிறாரா என்ற கேள்வி எழும். அதற்கு விதிகள் வேறு. “தனிப்பட்ட பரிசு” என்று எழுதுவதே சரி. எக்ஸ்சேஞ்ச் படிவத்திலோ வெளிநாட்டு வங்கியிலோ அனுப்புபவரும் அதையே எழுத வேண்டும். அங்கே குடும்பச் செலவு, இங்கே பரிசு என்று இருந்தால் இரண்டு தாளும் ஒன்றையொன்று மறுக்கும்.

அதே சமயம், தம்பி பணத்தைத் திருப்பி எதிர்பார்த்தால் அது கடன். இலாபத்தில் பங்கு எதிர்பார்த்தால் முதலீடு. இரண்டையும் பரிசு என்று எழுதக்கூடாது. நாளை சகோதரர்களுக்குள் பேச்சு வந்தால், பரிசுக் கடிதமே தம்பியின் பணத்தைக் கேட்க முடியாதபடி செய்துவிடும்.

ஒரு கணக்கு

ஆம்பூரில் மளிகைக் கடை நடத்தும் ஒருவருக்குத் துபாயில் பணிபுரியும் தம்பி 50,000 திர்ஹாம் பரிசு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் மாதச் சம்பளம் 6,000 திர்ஹாம். மாதம் 1,500 வீதம் மூன்றாண்டு சேர்த்தால் 54,000 ஆகிறது. ஆக, கொடுக்கும் வசதி கணக்கில் தெரிகிறது.

பணம் ஸ்விஃப்ட் வழியில் வருகிறது. இடையிலுள்ள வங்கி 75 திர்ஹாம் கட்டணம் பிடித்துக்கொண்டு 49,925 வந்து சேருகிறது. அன்றைய மாற்று விலை ரூ.23 என்று கொண்டால் ரூ.11,48,275. நாணயமாற்றுச் சேவைக்கான ஜி.எஸ்.டி. ரூ.1,017 கழிந்து கணக்கில் ரூ.11,47,258 வரவாகிறது. பரிசுக் கடிதத்தில் 50,000 திர்ஹாம், பாஸ்புக்கில் வேறு தொகை என்றிருப்பது இதனால்தான். வித்தியாசத்தை இணைக்கும் தாள் வங்கிச் சான்று ஒன்றே. ஆகவே வெளிநாட்டு நாணயத் தொகையும் மாற்று விலையும் சான்றில் இருந்தே ஆக வேண்டும்.

அவர் கிளை மேலாளருக்கு எழுதவேண்டிய விண்ணப்பம் இவ்வளவே:

“ஐயா, தங்கள் கிளையில் எனது சேமிப்புக் கணக்கு எண் ……. இக்கணக்கில் …… தேதியில் ரூ.11,47,258 வெளிநாட்டிலிருந்து வரவாகியுள்ளது. பரிமாற்ற எண் ……. அனுப்பியவர் துபாயில் வசிக்கும் என் உடன்பிறந்த தம்பி ……. அனுப்பிய வங்கி ……. அவர் அனுப்பிய தொகை 50,000 திர்ஹாம். இது அவர் எனக்கு அளித்த தனிப்பட்ட பரிசு. நோக்கக் குறியீடு P1302. பணத்தின் மூலம் அவரது சம்பளச் சேமிப்பு. எவ்வித வியாபாரத்திற்கோ சேவைக்கோ ஈடாகப் பெற்றதல்ல. எனது வருமான வரிக் கணக்கிற்காக, அனுப்பியவர் பெயர், நாடு, வெளிநாட்டு நாணயத் தொகை, மாற்று விலை, நோக்கம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுச் சான்று வழங்க வேண்டுகிறேன். இணைப்பு: பான் கார்டு நகல், பரிசுக் கடித நகல், தம்பியின் பாஸ்போர்ட் நகல்.”

இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்க. கட்டணம் பொதுவாகச் சில நூறு ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும், வங்கிக்கு வங்கி மாறும்.

எஃப்.ஐ.ஆர்.சி. என்று பெயர் சொல்லிக் கேட்டால், அது முதலீட்டுக்கு மட்டுமே என்று சில கிளைகளில் மறுப்பார்கள். அந்தப் பெயருள்ள தாளின் நடைமுறை மாறிவிட்டது உண்மைதான். அப்படியானால் இன்வர்டு ரெமிட்டன்ஸ் அட்வைஸ், அல்லது வங்கியின் தலைப்புத் தாளில் சான்று என்று கேளுங்கள். விண்ணப்பத்தில் கேட்ட விவரங்கள் அதில் இருந்தால் போதும்.

சான்று கைக்கு வந்ததும் கவுண்டரிலேயே நின்று படித்துப் பாருங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, குறியீடு P1302 தானா, தொகை பாஸ்புக்கோடு சேருகிறதா என்று பார்க்க வேண்டும். பிழை இருந்தால் அன்றே எழுதிக் கொடுங்கள். வங்கிகள் இந்தப் பரிமாற்றங்களை அவ்வப்போது ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்கின்றன. தெரிவித்த பின் குறியீட்டை மாற்றுவது நீண்ட வேலை.

பணத்தின் மூலத்திற்குத் தாள்கள்

“மூலம் சம்பளச் சேமிப்பு” என்று நாம் விண்ணப்பத்தில் எழுதியதை வங்கி சோதித்துச் சான்றளிப்பதில்லை. நம் வங்கிக்கு அந்தச் சேமிப்பு தெரியாது. ஆகவே தம்பியிடமிருந்து நான்கு தாள்கள் வாங்கி வைக்க வேண்டும்: பாஸ்போர்ட், விசா நகல்; வேலை தந்தவரின் சம்பளச் சான்று; பணம் அனுப்பிய கணக்கின் விவரத்தாள், முடிந்தால் ஓராண்டுக்கு; கையொப்பமிட்ட பரிசுக் கடிதம். ரொக்கப் பரிசைப் பத்திரப் பதிவு செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. உறவு, தொகை, தேதி, அனுப்பிய வழி, திருப்பிக் கேட்பதில்லை என்ற உறுதி, பெற்றுக்கொண்டதாக நம் கையொப்பம் ஆகியவை போதும்.

விவரத்தாளில் அதிகாரி முதலில் தேடுவது, பணம் அனுப்புவதற்கு முந்திய நாட்களில் பெரிய வரவு ஏதும் உண்டா என்பதே. மாதாமாதம் சம்பளம் ஏறி, சேமிப்பு வளர்ந்து, பிறகு 50,000 திர்ஹாம் போயிருந்தால் கேள்வி எழாது. இருப்பு 2,000 ஆக இருந்து, முந்தின நாள் 48,000 ரொக்கமாகக் கட்டப்பட்டிருந்தால், பணம் யாருடையது என்ற சந்தேகம் வரும். பணி முடிவுத் தொகை, மனை விற்ற தொகை என்று நியாயமான காரணம் இருந்தால் அதற்கான தாளையும் சேர்க்கவும். தம்பி வேலை மாறிவிட்டாலோ ஊர் திரும்பிவிட்டாலோ இத்தாள்களைப் பிறகு பெறுவது கடினம்.

அனுப்பியவர் இந்தியக் குடியுரிமையை விட்டு வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவராக இருந்து, ஓராண்டில் ரூ.10 லட்சத்திற்கு மேல் தந்திருந்தால், அன்னிய நன்கொடை விதிகளின்படி மூன்று மாதத்திற்குள் மத்திய அரசுக்குப் படிவம் மூலம் தெரிவிக்க வேண்டும். நம் கணக்கில் தம்பி இந்தியக் குடிமகன் என்பதால் இது பொருந்தாது.

கடைசியாக, வருமான வரி விவரத்தில் விலக்குப் பெற்ற வருமானம் என்ற பகுதியில் இத்தொகையைக் காட்டுங்கள். கடைப் பேரேட்டில் உரிமையாளர் முதல் என்று எழுதி, சேமிப்புக் கணக்கிலிருந்து மாற்றிய காசோலை எண்ணைக் குறித்து வையுங்கள். சான்று, விண்ணப்பப் பிரதி, பரிசுக் கடிதம், தம்பியின் தாள்கள் அனைத்தையும் ஒரே உறையிலிட்டு, அந்த ஆண்டுக் கணக்குப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டி வைத்து, நகல் ஒன்றைத் தங்கள் ஆடிட்டரிடம் ஒப்படையுங்கள்.